ஏடிஎம் கிழிந்த நோட்டைத் தந்தால்

சென்ற ஆண்டு தஞ்சாவூரில் ஓர் ஏடிஎம்மில் எடுத்த பணத்தில் 500 ரூபாய் நோட்டு ஒன்று ஓரம் போய் வந்தது. மருந்துக் கடைக்காரர் அதைத் தொட்டதுமே, "இது செல்லாது, வேறு கொடுங்கள்" என்றார். செல்லாது என்பது சரியில்லை. கடைக்காரர் வாங்காவிட்டாலும் வங்கி வாங்கும். வெளிநாட்டிலிருந்து இந்தியா வந்திருப்பவர்களுக்காக அந்த வழியைச் சொல்கிறேன்.

கிழிந்த நோட்டுக்கு எந்த ஏடிஎம், எந்த வங்கி என்ற கேள்வியே இல்லை. எந்த வணிக வங்கிக் கிளையிலும் மாற்றலாம். அங்கே கணக்கு இருக்க வேண்டியதில்லை. "உங்கள் வங்கிக்குப் போங்கள்" என்று காசாளர் சொன்னால், ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லிக் கிளை மேலாளரைப் பாருங்கள். நானும் அப்படித்தான் மாற்றினேன்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை அளந்தே தெரிந்துகொள்ளலாம். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே துண்டாக மிஞ்சியிருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 வரை என்றால் பாதி. அதற்கும் கீழே எதுவும் இல்லை. 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர். என் நோட்டில் ஒரு பக்கம் 15 மில்லிமீட்டர் பட்டையாகப் போயிருந்தது. 90 சதவீதம் மிச்சம், முழு 500 கிடைத்தது. 35 மில்லிமீட்டர் போயிருந்தால் 250தான். நடுவில் இரண்டாகக் கிழிந்து, இரு துண்டுகளும் கையில் இருந்து, ஒவ்வொன்றும் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முழுப் பணமும் உண்டு. ஆகவே சின்னத் துண்டையும் எறியாதீர்கள். வெறும் அழுக்கும் கசங்கலும் என்றால் அளவே வேண்டாம், அப்படியே மாற்றித் தருவார்கள்.

கள்ள நோட்டு என்ற சந்தேகம் வந்தால் வழி வேறு. நோட்டைச் சாய்த்துப் பாருங்கள்: பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். மாறாவிட்டால் இயந்திரத்தின் முன்பே, கேமராவுக்கு எதிரே நோட்டைக் காட்டி, அதன் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது கட்டாயம் வேண்டும். வெளிநாட்டு அட்டைக்கு இங்குள்ள வங்கி குறுஞ்செய்தி அனுப்பாது. எந்த இயந்திரம், எந்த நேரம் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

பிறகு அந்த ஏடிஎம்மை நடத்தும் வங்கியின் கிளைக்கே போங்கள். கவுண்ட்டரில் கொடுத்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள். நோட்டும் திரும்பாது, அங்கேயே பணமும் கிடைக்காது. பறிமுதல் செய்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. கூடவே, இந்த நோட்டு உங்கள் இயந்திரத்தில்தான் வந்தது என்று எழுத்தில் புகார் கொடுத்து அதற்கும் ஒப்புகை பெறுங்கள். போலி என்று தெரிந்த பின் கடையில் தள்ளிவிடுவது குற்றம், அதற்கு ஆசைப்படாதீர்கள்.

ஞாயிறும், இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளும் வங்கி விடுமுறை. விமானம் ஏறும் வாரத்துக்கு இந்த வேலையைத் தள்ளிவைக்காதீர்கள். புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ஊர் திரும்பிய பிறகும் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.