முறுக்கி விழுந்த முழங்கால் வீங்கினால்: வெறும் அடி என்று எண்ணித் தவறும் இடங்கள்

கைப்பந்து ஆடும் 26 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குதித்துத் தரையிறங்கும்போது அவருடைய பாதம் தரையில் பதிந்து நின்றுவிட, உடல் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து விழுகிறார். பத்து நிமிடத்தில் வலி தணிய, நொண்டியபடி நடந்து வீடு சேர்கிறார். மாலை 5 மணிக்கு விழுந்தவருக்கு இரவு 8 மணிக்குள் முழங்கால் உருண்டு திரண்டு, மடக்கவும் நீட்டவும் முடியாமல் இறுகிவிடுகிறது. மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. எனவே அடிபட்ட வீக்கம்தான் என்று முடிவு செய்து, மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியதும் மீண்டும் ஆடப் போகிறார். இந்த நிகழ்வில் கவனித்திருக்க வேண்டிய அறிகுறிகள் நான்கைந்து இருந்தன. அவை ஒவ்வொன்றும் கைநழுவிப் போயின.

முதலில் நழுவியது நேரம். எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்ப்பவர்கள், எப்போது வீங்கியது என்பதைக் குறித்துவைப்பதில்லை. நோயறிதலுக்கு அதிகம் உதவுவது அந்த நேரம்தான். விழுந்த ஓரிரு மணி நேரத்தில், அல்லது ஐந்தாறு மணி நேரத்துக்குள், மூட்டு முழுவதும் திரண்டு வீங்கினால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். தொடை எலும்பையும் கால் எலும்பையும் மூட்டின் நடுவில் பிணைத்து நிற்கும் முன்சிலுவை ஜவ்வுக்கு (மருத்துவர்கள் ஏசிஎல் என்பது இதைத்தான்) இரத்தக் குழாய்கள் உண்டு. அது கிழியும்போது இரத்தம் நேராக மூட்டுக்குள் இறங்குகிறது. முறுக்கி விழுந்தவரின் மூட்டில் விரைவாக இரத்தம் சேர்வதற்கு மிகுதியான காரணம் இந்த ஜவ்வின் கிழிவே. முழங்கால் சில்லு இடம் விலகித் திரும்புவதும், மூட்டுக்குள் எலும்பு முறிவதும் மற்ற காரணங்கள். இதற்கு மாறாக, இரவு தூங்கி எழுந்தபின், ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, மெல்ல ஏறும் வீக்கம் பெரும்பாலும் மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்புத் திண்டு காயப்பட்டதால் ஊறும் நீராக இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பிசகலாம். அவர்களுக்குச் சிறிய அடியிலும் மூட்டுக்குள் இரத்தம் சேரக்கூடும்.

அடுத்தது வீக்கம் இருக்கும் இடம். முழங்கால் நேராகத் தரையில் மோதியதால் வரும் கன்றிய வீக்கம், மோதிய இடத்திலேயே தோலுக்கு அடியில் நிற்கும். தொட்டால் அந்த இடம் வலிக்கும், ஓரிரு நாளில் நீலமோ பச்சையோ பாய்ந்து நிறம் மாறும். மூட்டுக்குள் நிறையும் வீக்கமோ சில்லின் இரு பக்கமும் இயல்பாக இருக்கும் பள்ளங்களை நிரப்பி, சில்லுக்கு மேலே தொடைப் பக்கமாகவும் புடைத்து நிற்கும். இரண்டு கால்களையும் நீட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இந்த வேறுபாடு மருத்துவரல்லாத கண்ணுக்கும் புலப்படும். ஆனால் வீக்கம் குறைவாக இருப்பதால் காயமும் சிறியதே என்று கொள்ள வேண்டாம். உட்பக்கவாட்டு ஜவ்வு மூட்டின் உறையை ஒட்டி இருப்பதால், அது கிழிந்தாலும் மூட்டுக்குள் அதிகம் நிறையாமல் இருக்கலாம். உறையே கிழிந்த கடுமையான காயத்தில் இரத்தம் வெளியே கசிந்து பரவிவிடுவதும் உண்டு.

‘நடக்க முடிகிறதே, ஜவ்வு கிழிந்திருந்தால் முடியுமா?’ என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். சமதரையில் நேராக நடப்பதற்கு ஏசிஎல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், பாதம் ஊன்றியபடி உடல் திரும்பும்போது எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சுழன்று விலகாமலும் காப்பதே அதன் வேலை. ஆகவே கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். விழுந்த உடனே ஆட்டத்தைத் தொடர முடிந்ததா? உள்ளே அறுந்த உணர்வு இருந்ததா? திரும்பும்போதோ படி இறங்கும்போதோ முழங்கால் காலடியில் இல்லாததுபோல் வழுக்கிப் போகிறதா? முதல் சில நாட்களில், வீக்கத்தால் தொடைத் தசை சரியாக இயங்காமல் கால் மடங்குவதும் உண்டு. வீக்கம் தணிந்த பிறகும் அது தொடர்ந்தால் கிழிவின் ஐயம் வலுக்கிறது.

எக்ஸ்ரேயைப் பற்றிய தவறு நல்லெண்ணத்தோடு நேர்வது. அது எலும்பைக் காட்டும்; ஜவ்வைக் காட்டாது. அதற்காக எக்ஸ்ரே வேண்டாம் என்பதில்லை: நான்கு அடி எடுத்துவைக்க முடியாதவர், முழங்காலை 90 பாகை மடக்க முடியாதவர், 55 வயதை எட்டியவர் ஆகியோருக்கு முறிவு இல்லை என்று உறுதிசெய்ய அது வேண்டும். ஆனால் ‘எலும்பு நன்றாக இருக்கிறது’ என்ற பதில், நாம் கேட்க வேண்டிய மற்றொரு கேள்விக்கான பதில் அல்ல. அந்தக் கேள்விக்கு விடை மருத்துவரின் கையில் தொடங்குகிறது. முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கால் எலும்பை மறு கையால் முன்னே இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையில், கிழிந்த பக்கம் தளர்ந்து வரும். எலும்பு திடமாக வந்து நிற்கும் உணர்வு இராது. முதல் சில நாட்களில் வலியால் தசைகள் இறுகி இந்தத் தளர்வை மறைத்துவிடுவதால், அன்று ஒன்றும் தெரியவில்லை என்றால் ஏழு முதல் பத்து நாட்களில் மறுபடியும் சோதிக்கச் சொல்வது அவசியம். அந்த மறுசந்திப்புக்குப் போகாமல் விடுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கிழிவை உறுதிசெய்யவும், மெனிஸ்கஸின் நிலையை அறியவும் எம்ஆர்ஐ ஸ்கேன் உதவும்.

முதல் சில நாட்களில் மூட்டை அழுத்தி நீவுவதும் ஒத்தடமாகச் சூடு வைப்பதும் இரத்தக் கசிவைக் கூட்டலாம். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுப்பது வலியைத் தணிக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே படுப்பது சுகமாக இருந்தாலும், நாளடைவில் காலை முழுதாக நீட்ட முடியாமல் போகக்கூடும். உயர்த்திவைக்கும்போது குதிகாலுக்கு அடியில் தாங்கல் கொடுத்து முழங்கால் நேராக இருக்கும்படி செய்வது நல்லது.

நம் கைப்பந்து வீரரிடம் திரும்புவோம். வீக்கம் வற்றியதும் வலியும் போனதால் ஜவ்வு கூடிவிட்டது என்று அவர் நம்பினார். முழுமையாகக் கிழிந்த ஏசிஎல் பெரும்பாலும் தானாகச் சரிவரக் கூடுவதில்லை. வற்றியது இரத்தம் மட்டுமே. களத்தில் மீண்டும் பாதத்தை ஊன்றித் திரும்பியபோது எலும்பு நழுவி, இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெனிஸ்கஸ் சிக்கிக் கிழிந்தது. இப்போது கால் பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு, நீட்ட வராமல் நிற்கிறது. முதல் காயத்துக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையா அறுவையா என்று நிதானமாகத் தீர்மானிக்க இடம் இருந்தது. பூட்டிக்கொண்ட முழங்காலுக்கு அந்த அவகாசம் குறைவு.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உள்ளன. பாதம் குளிர்ந்து வெளிறினாலும், மரத்துப்போனாலும், பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாவிட்டாலும், முழங்கால் ஒரு கணம் விலகித் திரும்பியிருக்கக்கூடும். பின்புறம் ஓடும் இரத்தக் குழாயும் நரம்பும் காயப்பட்டிருக்கலாம் என்பதால் அந்த நொடியே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். படுத்தபடி காலை நீட்டித் தூக்கவே முடியவில்லை என்றாலும், மூட்டு பூட்டிக்கொண்டாலும், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பின்வரும் நாட்களில் கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தால், அதையும் முழங்கால் வீக்கத்தின் தொடர்ச்சி என்று விட்டுவிடாமல், இரத்தக் கட்டி உறைந்திருக்கிறதா என்று உடனே சோதித்துக்கொள்ள வேண்டும்.