தலைப்பையே விவரத்திலும் எழுதினால் பொருள் விற்காது

திருகோணமலையில் பழைய பிரிட்ஜ் ஒன்றை இணையத்தில் விற்கப் போடுகிறீர்கள். படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. தலைப்பு "இரட்டைக் கதவு பிரிட்ஜ், நல்ல நிலை". கீழே விவரத்திலும் அதே வரிதான். படம் நன்றாக இருப்பதால் ஆட்கள் உள்ளே வருவார்கள், ஆனால் அழைக்க மாட்டார்கள். படத்தில் தெரியாததை அறியத்தான் விவரத்தைப் படிக்கிறார்கள். அங்கே புதிதாக ஒன்றும் இல்லையென்றால், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

கடற்கரை ஊரில் முதல் கேள்வியே துருதான். சரி, இப்படி எழுதிப் பாருங்கள்: "250 லீட்டர், 2019இல் வாங்கியது. அடியில் இடது மூலையில் கையளவு துரு, ஓட்டை இல்லை. கதவு ரப்பர் மாற்றியிருக்கிறோம். கம்பிரசர் மாற்றவில்லை, காஸ் நிரப்பவில்லை. வீடு மாறுவதால் விற்கிறோம். உப்புவெளிக்கு வந்தால் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஏற்றிச் செல்வது வாங்குபவர் பொறுப்பு."

துருவைச் சொன்னால் ஆள் வரமாட்டார் என்று பயப்படாதீர்கள். தெரிந்தே வருபவர் வாசலில் நின்று அதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்பது குறைவு. அந்த மூலையையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் அதன் பதிலை உடனே விவரத்தில் சேர்த்துவிடுங்கள்.