பின் செய்யப்பட்ட காலாள் வெட்டாது

திருகோணமலையில் மருமகனுக்குச் செஸ் பழக்கும்போது ஒரு புதிர் எங்களைச் சில நாள் இழுத்தடித்தது. வெள்ளை நகர்த்த வேண்டும்: ராஜா h1, கோட்டை g1, குதிரை e4, காலாள் h2. கறுப்பில் ராஜா g8, ராணி d7, காலாட்கள் f7, g7, h7.

கோட்டையால் g7-ஐ வெட்டினால் ராஜா அதைத் தின்றுவிடும். ஒரே கோட்டில் நிற்கும் இரண்டில் முன்னதைத் தாக்கி, அது விலகியதும் பின்னதை வெட்டும் ஸ்கியூவருக்கும் வழியில்லை, கறுப்பு ராஜாவும் ராணியும் ஒரே கோட்டில் இல்லை. குதிரையை f6-இல் வைத்தால் ராஜா, ராணி இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்கும், அதாவது ஃபோர்க்தான். "g7 காலாள் வெட்டுமே, மாமா" என்று அவன் ஒவ்வொரு முறையும் கையை எடுத்தான்.

பிறகு குதிரையை விட்டுவிட்டு, கோட்டையிலிருந்து விரலால் g வரிசையில் மேலே கோடு இழுத்தோம். முதலில் தட்டுப்படுவது g7 காலாள், அதற்குப் பின்னால் ராஜா. இப்படி ராஜாவை மறைத்து நிற்பதால் நகர முடியாமல் கட்டுண்டு போவதுதான் பின். அந்தக் காலாள் f6-க்கு நகர்ந்தால் ராஜா செக்கில் நிற்கும். ஆகவே வெட்டவே முடியாது. குதிரை f6, செக். ராஜா f8 அல்லது h8 போனதும் ராணி நமக்கு.

இன்னொன்று: g8, d7 இரண்டும் வெள்ளைக் கட்டம். குதிரை ஒரே நிறக் கட்டங்களைத்தான் ஒரே நேரத்தில் தாக்கும், நிறம் வேறானால் ஃபோர்க் தேடவே வேண்டாம்.