டோட்டா, சாட்செலா, பக்கெட்டா? ஹேண்ட்பேக் ஷேப்பைக் கண்டுபிடிக்கிறது எப்படி

எங்க சித்தி கொழிஞ்சாம்பாறையில ஒரு ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்காங்க, ஸ்டாக் வந்ததும் லேடீஸ் பேக்கை எல்லாம் போட்டோ எடுத்து பேரு, அளவு எழுதி வாட்ஸ்அப் க்ரூப்ல போடுற வேலை என்னோடது. க்ரூப்ல பொள்ளாச்சி அக்காக்களும் இருக்காங்க, சித்தூர் சேச்சிகளும் இருக்காங்க, யாரும் பேக்கைத் தொட்டுப் பார்த்து வாங்குறதில்ல, நாம எழுதுற பேரை நம்பித்தான் ஆர்டர். டோட்டுன்னு போட்டுட்டு சாட்செலைக் குடுத்து விட்டா அது அடுத்த பஸ்லயே திரும்பி வரும். புதுசா பேக் விக்க ஆரம்பிக்கிறவங்களுக்கும், ஆன்லைன்ல வாங்குறப்ப முழிக்கிறவங்களுக்கும் இதை எழுதுறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். கலரு, பூ வேலை, ரெக்சினா துணியாங்கிறது எதுவும் ஷேப்பைச் சொல்லாது. பாக்க வேண்டியது மூணே மூணு, அதுவும் இந்த வரிசையிலதான்: பேக்கோட உடம்பு, அப்புறம் கைப்பிடி, கடைசியா மூடி. நிறையப் பேரு ஜிப்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க, குழப்பமே அங்கதான் வருது.

ஸ்டெப் 1: உள்ள இருக்கிற பேப்பரை எடுங்க

புது பேக் எல்லாத்துலயும் உள்ள பேப்பரைச் சுருட்டி அடைச்சுத்தான் அனுப்புவாங்க, அதனால எந்த பேக்கைப் பார்த்தாலும் கம்பீரமா நிக்கிற மாதிரிதான் இருக்கும். எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு காலி பேக்கை மேஜை மேல வச்சுக் கையை எடுங்க. இப்ப அது என்ன பண்ணுதுன்னு பாருங்க.

மடிஞ்சு சாய்ஞ்சா அது பெரும்பாலும் டோட். முன்னால ஒரு துண்டு பின்னால ஒரு துண்டு, அடியில ரெண்டு மூலையையும் குறுக்கா தச்சு கொஞ்சம் அகலம் எடுத்திருப்பாங்க, அவ்வளவுதான், நம்ம மஞ்சப்பையும் கணக்குப்படி டோட்தான். அமெரிக்காவுல எல்.எல்.பீன் கம்பெனி 1944-ல கேன்வாஸ்ல ஒரு பை போட்டாங்க, கார்ல இருந்து ஐஸ் பெட்டி வரைக்கும் ஐஸ் கட்டியைத் தூக்கிட்டுப் போறதுக்கு. ஐஸ் கட்டி உள்ள போகணும்னா வாய் முழுசா திறந்திருக்கணும், பாரம் தாங்கணும்னா கைப்பிடி கெட்டியா இருக்கணும், இன்னைக்கும் டோட்டுக்கு அந்த ரெண்டும்தான் அடையாளம்.

சாயாம நிமிர்ந்து நின்னுச்சுன்னா அடியைத் தடவிப் பாருங்க. தட்டையா, உள்ள அட்டை வச்சு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு தனித் துண்டு சேர்த்துத் தச்சிருந்தா சாட்செல். அடியில நாலு மூலைக்கும் குட்டியா உலோகக் குமிழ் இருந்தா இன்னும் உறுதி, தரையில வச்சா ரெக்சின் அழுக்காகாம இருக்கத்தான் அது.

அடி வட்டமாவோ முட்டை வடிவமாவோ இருந்து உடம்பு மேல எழும்பினா பக்கெட். இதுல முக்கியம் அந்த வட்டம் தனித் துண்டா இருக்கணும். சும்மா துணியைச் சுருக்கி வட்டமாத் தெரிய வச்சதெல்லாம் பக்கெட் இல்ல, தண்ணி பாட்டிலை நிக்க வச்சுப் பாருங்க, பாட்டில் சாய்ஞ்சா அடியில அட்டை இல்லைன்னு அர்த்தம். லூயி வுய்ட்டான் 1932-ல நோயேன்னு ஒரு பேக் பண்ணாங்க, அஞ்சு ஷாம்பெயின் பாட்டில் வைக்கிறதுக்குன்னே, நாலு நிமிர்ந்து நிக்கும், நடுவுல ஒண்ணு தலைகீழா. பாட்டில் நிக்கணும்ங்கிறதுக்காக வந்த ஷேப், அதான் அடி இவ்வளவு முக்கியம்.

உயரம் கம்மியா, அகலம் உயரத்தைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா, குறுகலா நீளமா இருந்தா பகெட், பக்கெட் வேற இது வேற. தட்டையா ஒரு கைக்குள்ள அடங்கினா கிளட்ச். இந்த ரெண்டையும் கீழே பாத்துக்கலாம்.

ஸ்டெப் 2: கைப்பிடியை அளங்க, வாரோட நீளத்தை இல்ல

உடம்பைப் பார்த்தே முடிவு பண்ண முடியாத கேஸ் நிறைய வரும், ஏன்னா இப்ப ரெக்சின் டோட்டுக்கும் அடியில அட்டை வைக்கிறாங்க, அதுவும் நிக்கும். அங்க கைப்பிடிதான் சொல்லும்.

கைப்பிடி நடுவுல ஒரு விரலை விட்டு நேரா மேல தூக்குங்க, அந்த உச்சியில இருந்து பேக்கோட வாய் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளங்க. இதுக்குப் பேரு டிராப். வாரைக் கழட்டி நீட்டி அளந்து 'கைப்பிடி 50 செ.மீ.'ன்னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது, அந்த 50-ல டிராப் எவ்வளவுங்கிறது ரெண்டு முனையையும் எவ்வளவு தள்ளித் தச்சிருக்காங்கங்கிறதைப் பொறுத்து மாறும்.

டிராப் 10ல இருந்து 15 செ.மீ. வரைக்கும்னா கையில பிடிக்கலாம், முழங்கையில தொங்க விடலாம், தோளுக்கு ஏறாது. சாட்செலோட மேல் கைப்பிடி இந்த அளவுலதான் இருக்கும், கூட கழட்டி மாட்டுற நீள வார் ஒண்ணு குடுப்பாங்க. 22ல இருந்து 28 செ.மீ.ன்னா தோள்ல சுகமா உக்காரும், டோட் பெரும்பாலும் இங்கதான். 50 செ.மீ. தாண்டிட்டா குறுக்கா போட்டுக்கிற வார். நடுவுல 18, 20ன்னு வர்றதுதான் வம்பு, ஒல்லியானவங்களுக்குத் தோள்ல மாட்டும், கொஞ்சம் பருமனானவங்களுக்கு அக்குள்ல இறுக்கும், அதனால அந்த மாதிரி பேக்குக்கு 'தோள் பேக்'னு எழுதாம நம்பரை மட்டும் போட்டுடுங்க, அவங்களே வீட்டுல டேப் வச்சுப் பாத்துக்குவாங்க.

கைப்பிடி எங்க தச்சிருக்குங்கிறதும் பாருங்க. நல்ல டோட்ல வார் வாய் விளிம்போட நிக்காது, உடம்பு மேல கொஞ்ச தூரம் இறங்கி, கட்டம் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி தையல் இருக்கும். சிலதுல அடி வரைக்கும் போய் மறுபக்கம் ஏறி வரும், அது இன்னும் நல்லது. விளிம்புக்குள்ள மட்டும் சொருகித் தச்சதுல ரெண்டு தேங்காயும் ஒரு கிலோ வெங்காயமும் போட்டு பொள்ளாச்சி பஸ்ல கம்பியைப் பிடிச்சு நின்னீங்கன்னா தையல் ஓரம் ஓட்டை பெருசாகுறது கண்ணுக்கே தெரியும்.

ஸ்டெப் 3: மூடி, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க

ஜிப்பை எதுல வேணா வைக்கலாம். ஜிப் வச்ச டோட்டும் டோட்தான், காந்த பட்டன் வச்ச டோட்டும் டோட்தான். மழைக்காலத்துல இந்தப் பக்கம் திறந்த வாய் டோட் விக்கவே விக்காது, சாரல் சைடுல இருந்து அடிக்கும், அதனால சித்தி ஜிப் வச்சதாத்தான் எடுப்பாங்க, அதுக்காக ஷேப் மாறிடல.

பழைய பள்ளிக்கூட மாடல் சாட்செல்ல முன்னால மடிஞ்சு விழுற மூடியும் ரெண்டு பக்கிளும் இருக்கும். இப்ப வர்றதுல அந்த பக்கிள் முக்கால்வாசி அலங்காரம், வாருக்கு அடியில காந்தம் ஒளிஞ்சிருக்கும், பக்கிளைத் தொடாம மூடியை மட்டும் இழுத்துப் பாருங்க, டப்புனு திறந்துக்கும். இதை எழுதாம விட்டா வாங்குறவங்க ஒவ்வொரு தடவையும் பெல்ட் மாதிரி கழட்டணுமோன்னு பயந்து விட்டுடுவாங்க.

மூடி நிஜமா ஷேப்போட ஒட்டிப் பிறந்தது பக்கெட்லதான். பாட்டியோட சுருக்குப் பை மாதிரியே கயிறு இழுத்துக் கட்டுறது. வாயைச் சுத்தி இருக்கிற வளையத்தை எண்ணுங்க, இரட்டைப்படையா இருக்கணும், அப்பத்தான் வெளியில இருந்து உள்ள போன கயிறு கடைசியில வெளியவே வந்து ரெண்டு முனையும் சேரும். ஒத்தப்படையா இருந்தா ஒரு முனை உள்ளுக்குள்ள மாட்டிக்கும். கயிறு எவ்வளவு இழுத்தாலும் நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கத்தான் செய்யும், ரெக்சின் கெட்டியா இருந்தா ஓட்டை இன்னும் பெருசு, உள்ள தனியா ஜிப் பர்ஸ் ஒண்ணு குடுத்திருக்காங்களான்னு பாருங்க.

ஒரு பேக்கை முழுசா பாக்கலாம்

போன ஸ்டாக்ல ஒரு மெரூன் ரெக்சின் பேக், டேக்ல டோட்டுன்னு அடிச்சிருந்தது. மேல ஜிப், ரெண்டு கைப்பிடி, போட்டோல பாத்தா நானே டோட்டுன்னுதான் சொல்லுவேன். பேப்பரை எடுத்தேன், நின்னுச்சு. அடி அகலம் 32 செ.மீ., ஆழம் 15, உயரம் 22, பக்கத்துக்குத் தனித் துண்டு, நாலு குமிழ். கைப்பிடி டிராப் 13தான், கூடவே கழட்டுற வார், அதோட டிராப் 55. அப்ப இது சாட்செல், டேக் என்ன சொன்னாலும் சரி.

போட்டதும் சித்தூர்ல இருந்து ஒரு சேச்சி, "மோளே, தோள்ல போடலாமா?"ன்னு கேட்டாங்க. "சேச்சி, மேல் கைப்பிடி தோளுக்கு ஏறாது, நீள வாரை மாட்டிக் குறுக்கா போடலாம், இல்லன்னா முழங்கைல தொங்க விடலாம்"னு சொன்னேன். அவங்களுக்கு ஆபீஸ்ல மேஜை மேல நிக்கிற பேக்தான் வேணுமாம், எடுத்துக்கிட்டாங்க. டோட்டுன்னு நம்பி தோள்ல மாட்டப் போயிருந்தா அந்த 13 செ.மீ. மேல் கையிலயே நின்னிருக்கும்.

மிச்சம் ரெண்டு

பகெட்னா ஃபெண்டி கம்பெனிக்காக சில்வியா வென்டுரினி ஃபெண்டி 1997-ல டிசைன் பண்ண பேக்ல இருந்து பரவினது. ஒத்த வார், அது குட்டை, தோள்ல மாட்டினா பேக் அக்குளுக்கு நேரா கீழ ஒட்டி உக்காரும், தொங்காது. முன்னால மூடி, மூடிக்கு அடியில காந்தம். உயரம் 13, 14 செ.மீ.தான் இருக்கும், இப்ப வர்ற போன் 16 செ.மீ. நீளம், நிக்க வச்சா மூடி மூடாது, படுக்க வைக்கணும். ரொம்ப அடைச்சா காந்தம் பிடிக்காம மூடி தானா எழும்பும், அது பேக்கோட குறை இல்ல, பேக்குக்கு மீறிப் போட்டதோட விளைவு.

கிளட்ச்ல கைப்பிடியே இருக்காது, கையில பிடிக்கிறதுதான். செயின் வச்சிருந்தா அதை முழுசா உள்ள போட்டு மூடிப் பாருங்க, மூடினா கிளட்ச், செயின் வெளியவே தச்சிருந்தா அது சின்ன தோள் பேக். மேல உலோகச் சட்டம் வச்சு ரெண்டு குண்டு டக்குனு பூட்டுற மாடல்ல வெளி அளவை எழுதாதீங்க. சட்டத்தோட கீல் ரெண்டு பக்கமும் இடம் பிடிச்சுக்கும், வெளிய 18 செ.மீ. இருந்தாலும் வாய் அதைவிடக் குறுகும், கல்யாணத்துக்கு வாங்கின அக்கா போனைச் சொருகிப் பாத்துட்டு உங்களுக்குத்தான் கூப்பிடுவாங்க. வாயைத் திறந்து கீலுக்குக் கீல் அளந்து அந்த நம்பரைப் போடுங்க.