சின்னக் காது ஓட்டைக்கு இயர்பட்ஸ் ரப்பர் தேர்ந்தெடுப்பது எப்படி: பேஸும் வேண்டும், குதித்தால் விழவும் கூடாது

காது ஓட்டை சின்னதாக இருப்பவர்களுக்கு இயர்பட்ஸ் வாங்கியதும் இரண்டு குறைகள் சேர்ந்தே வரும். பாட்டில் பேஸ் கேட்காது. ஓடினாலோ குதித்தாலோ கழன்று விழும். இரண்டுக்கும் சேர்த்துப் பெரிய ரப்பர் ஒன்றை மாட்டிப் பார்ப்போம். வலிதான் மிஞ்சும். என் காதும் அப்படிப்பட்டதுதான், தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடும் பலருக்கும் இதே தொல்லைதான். எல்லாருக்கும் மாற்றிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: பேஸ் வருவதற்குக் காற்று கசியாத சீல் வேண்டும், விழாமல் இருக்கப் பிடிப்பு வேண்டும். முதல் வேலையை ரப்பரிடம் கொடுங்கள். இரண்டாவதை அதனிடம் கேட்காதீர்கள்.

முதலில் ஃபோனில்

நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துவிடுங்கள். ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சில இயர்பட்ஸ் உள்ளே இருக்கும் மைக்கால் காதுக்குள் கேட்கும் சத்தத்தை அளந்து, குறைந்த பேஸைத் தானாகவே ஈடுகட்டிவிடும். அது ஓடிக்கொண்டிருந்தால் காற்று எங்கே கசிகிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் யூடியூபில் `40 Hz test tone` என்று தேடி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வால்யூம் குறைவாகவே இருக்கட்டும். பாட்டை வைத்துச் சோதித்தால் எந்தப் பாட்டில் எவ்வளவு பேஸ் இருக்கிறது என்பதிலேயே குழப்பம் வரும். ஒரே சீரான அடிச்சத்தம் என்றால் கூடுவதும் குறைவதும் உடனே புரியும்.

மாட்டும் முறை

காதின் வழி நேரான குழாய் கிடையாது, உள்ளே வளைந்து போகிறது. வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னேயும் மெல்ல இழுங்கள். அந்த வளைவு கொஞ்சம் நேராகும். அந்த நேரத்தில் வலது கையால் இயர்பட்டை வைத்து, லேசாகப் பின்பக்கம் திருப்பி, பிறகு மடலை விடுங்கள். மடலை இழுக்காமல் நேரே அழுத்தினால் சின்னக் காதில் ரப்பர் வாசலிலேயே மடங்கி நின்றுவிடும்.

அழுத்திப் பார்க்கும் சோதனை

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

40 ஹெர்ட்ஸ் சத்தம் ஓடட்டும். ஒரு விரலால் இயர்பட்டை மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தம் மாறவில்லை என்றால் சீல் சரி. அழுத்தியதும் பேஸ் குபுக்கென்று கூடி, விரலை எடுத்ததும் மறைந்தால் காற்று கசிகிறது. இயர்பட்டுக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருக்கும் சின்ன இடம் மூடியிருந்தால்தான் மெதுவாக அசையும் தாழ்ந்த ஒலிக்கு அங்கே அழுத்தம் சேரும். ஓர் இடுக்கு இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியே ஓடிவிடும். மேல் ஒலிகள் வேகமாக அதிர்வதால் அவற்றுக்கு அந்த இடுக்கால் பெரிய நஷ்டமில்லை. அதனால்தான் குரல் தெளிவாகக் கேட்கும், டிரம் மட்டும் காணாமல் போகும். வால்யூமைக் கூட்டினால் அந்த மேல் ஒலிகள்தான் காதைக் குத்தும், பேஸ் திரும்பி வராது.

கசிவு என்று தெரிந்துவிட்டது, சரி. ரப்பர் பெரிதா சிறிதா? இங்கேதான் பலர் தவறான பக்கம் போகிறார்கள். இரண்டிலுமே பேஸ் போகும். இயர்பட்டை மெதுவாகக் கழற்றி, உடனே ரப்பரின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மடிப்புக் கோடு விழுந்திருந்தால் அது பெரிது. காதுக்குள் விரிய இடமில்லாமல் மடங்கி, அந்த மடிப்பு வழியாகத்தான் காற்று போகிறது. கழற்றும்போது லேசாக உறிஞ்சி இழுப்பதுபோல் இருந்தால் சீல் நன்றாக உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். மடிப்பும் இல்லை, உறிஞ்சலும் இல்லை, இயர்பட் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது என்றால் அது சிறிது.

அப்புறம் மறுபடி மாட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து "ஆ" சொல்லுங்கள், தாடையை இடமும் வலமும் அசையுங்கள். தாடை மூட்டு காதின் வழிக்கு முன்னாலேயே இருக்கிறது. அது அசைய அசைய வழியின் வடிவம் மாறும். ஓடும்போது வாயால் மூச்சு வாங்குவீர்கள் அல்லவா, அந்த நிலையில் சீல் நிற்க வேண்டும். சில நிறுவனங்களின் செயலியிலேயே ரப்பர் பொருத்தத்தைப் பார்க்கும் சோதனை உண்டு. நல்லதுதான், ஆனால் அது நீங்கள் அசையாமல் இருக்கும்போது மட்டும் பார்க்கிறது. அதில் பச்சை வந்தாலும் வாயைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரு காதின் கதை

எங்கள் மாடியில் பாக்சிங் பழகும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். "அக்கா, பேஸே இல்லக்கா, தகர டப்பா மாதிரி கேக்குது. குதிச்சா வலது பக்கம் கழண்டுடுது" என்றாள். பெட்டியில் எஸ், எம், எல் மூன்றும் இருந்தன, எம் மாட்டியிருந்தாள். ஒரு காதுக்கு ஒரு ரப்பர் என்று பிரித்துப் பார்த்தோம். இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இடது காதில் எஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. அழுத்தினாலும் சத்தம் மாறவில்லை. வலது காதில் அதே எஸ்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் தெளிவான மடிப்பு. அதற்கும் கீழே ஒரு அளவு வேண்டும். கடையில் தனியாக எக்ஸ்.எஸ் வாங்கி மாட்டியதும் சீல் கிடைத்தது, வாயைத் திறந்தாலும் போகவில்லை. அவள் முகம் மலர்ந்ததே போதும் எனக்கு.

ஆனால் கயிறு சுற்ற ஆரம்பித்ததும் வலது இயர்பட் மெல்ல மெல்ல வெளியே வந்தது. "பெருசு போட்டாத்தான்க்கா நிக்கும்" என்று மறுபடி எம்மை எடுத்தாள். அப்படிச் செய்யவே கூடாது. காதின் வாசல் அகலமாகத் தொடங்கி உள்ளே குறுகிப் போகிறது. அதில் பெரிய ரப்பரை அமுக்கி வைத்தால், அது தன் பழைய வடிவத்துக்கு விரியத் துடிக்கும். விரிய இடம் வெளிப்பக்கம்தான் இருக்கிறது. தாடை அசையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வெளியே வரும். சின்னக் காதில் இயர்பட் தெறித்து விழுவதற்குப் பெரிய ரப்பர்தான் பல நேரம் காரணம்.

அவளுக்கு நாங்கள் செய்தது, எக்ஸ்.எஸ்ஸை மாற்றாமல் இயர்பட்டின் உடம்பில் சிலிக்கான் விங் ஒன்றைப் போட்டது. காதின் மேல் மடிப்புக்குள் அந்த விங் செருகி நிற்கும். எடையை அது தாங்கிக்கொள்வதால், ரப்பருக்குச் சீல் பிடிக்கும் வேலை மட்டுமே. விங் மாட்ட இடமில்லாத மாடல் என்றால், காதுக்குப் பின்னால் சுற்றும் கொக்கி வைத்த இயர்பட்ஸ்தான் உடற்பயிற்சிக்கு என் தேர்வு.

இன்னொன்றும் செய்தோம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு இயர்பட்ஸ் மாட்டும் பழக்கம் அவளுக்கு இருந்தது. எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் சிலிக்கான் நிற்காது. நம் ஊர் கடற்காற்றின் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். மாட்டுவதற்கு முன் ரப்பரையும் காதின் வாசலையும் உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வழுக்கல் போய்விடும். ரப்பரைத் தனியாகக் கழற்றி, லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

வாங்கும்போது

பர்மா பஜாரிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ "இயர்பட்ஸ் ரப்பர்" என்று கேளுங்கள். எஸ், எம் என்ற எழுத்தை நம்ப வேண்டாம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வீட்டில் சரியாக உட்கார்ந்த ரப்பரின் அகலத்தை ஸ்கேலில் அளந்துகொண்டு போங்கள். எம் பெரும்பாலும் 12 மி.மீ. சுற்றில் இருக்கும், எஸ் 11 மி.மீ. பக்கம், எக்ஸ்.எஸ் 10 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. அரை மில்லிமீட்டரில் கூட காதுக்குள் வித்தியாசம் தெரியும்.

அகலத்தோடு ரப்பரின் நடுத்துளையையும் பாருங்கள். இயர்பட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, அதாவது நாசில், தடிமனாக இருந்தால் எவ்வளவு சின்ன ரப்பர் போட்டும் பயனில்லை. ரப்பர் ஓரளவுக்கு மேல் சுருங்காது, உள்ளே இருக்கும் கெட்டியான நாசில்தான் காதில் இடிக்கும். எல்லா அளவும் போட்டுப் பார்த்தும் ஒரே இடத்தில் வலித்தால் ரப்பரை விட்டுவிட்டு மெல்லிய நாசில் உள்ள மாடலைத் தேடுங்கள். ஷூர் மாதிரி சிலவற்றில் நாசில் 3 மி.மீ. அளவுதான்.

ரப்பருக்குப் பதிலாக மாட்டும் ஃபோம் டிப் நன்றாகச் சீல் பிடிக்கும். விரலால் மெல்லியதாக உருட்டி, உள்ளே வைத்து, அரை நிமிடம் போல விரிய விட வேண்டும். ரயிலில் உட்கார்ந்து கேட்க எனக்கு அது பிடிக்கும். உடற்பயிற்சிக்கு வேண்டாம் என்பேன்: வியர்வையை உறிஞ்சும், கழுவினால் சீக்கிரம் உலராது, விரைவில் விரியும் குணத்தை இழக்கும்.

பிற்சேர்க்கை 1

ஓடும்போது ஒவ்வொரு காலடியும் தலைக்குள் தொம் தொம் என்று கேட்கிறது என்று திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சீல் நன்றாக இருப்பதன் விளைவு அது. உடம்பு வழியாக வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் காதுக்குள் தங்குகிறது. வலிக்காத அளவுக்குக் கொஞ்சம் ஆழமாக வைத்தால் குறையும், முழுதாகப் போகாது. ரப்பரைத் தளர்த்தினால் தொம் சத்தத்தோடு பேஸும் போய்விடும். அது தாங்கவே முடியவில்லை என்றால் காதை மூடாத வகை இயர்போனுக்கு மாறிவிடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக ஓடுபவர்கள் எப்படியும் மூடாத வகைதான் போட வேண்டும். பின்னால் வரும் கன்டெய்னர் லாரியின் ஹார்ன் கேட்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவு, அழுத்தினாலும் மாறவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது சீல் பிரச்சினை இல்லை. நாசிலின் வலையில் காது அழுக்கு அடைத்திருக்கும். கசிவில் பேஸ் மட்டும் போகும். வலை அடைத்தால் குரலும் மங்கும். உலர்ந்த மென்மையான பிரஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துடையுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். காதில் வலியோ அரிப்போ நீர் வடிதலோ இருந்தால் இயர்பட்ஸை நிறுத்திவிட்டுக் காது டாக்டரைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 3

தனியாக வாங்கிய ரப்பரை மாட்டிய பிறகு சார்ஜிங் பெட்டி மூடவில்லை என்று ஒரு அக்கா சொன்னார். ஒயர் இயர்போனுக்கான ரப்பர் உயரமாக இருக்கும். ஒயர் இல்லாததற்கென்று குட்டையாகச் செய்த ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். மூடி மூடினால் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் சார்ஜ் ஏறுகிறதா என்று ஃபோனில் பாருங்கள். ரப்பர் தூக்கிப் பிடித்தால் ஒரு பக்கத்தின் சார்ஜ் பின் படாமல், மறுநாள் காலையில் அந்தப் பக்கம் காலியாக இருக்கும். விங் மாட்டியவர்களும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள். சில விங்கைக் கழற்றி வைத்தால்தான் பெட்டியில் உட்காரும்.