பணிப்பாளர் கடனை எங்கே வைப்பது? சிறு கம்பனி ஒன்றின் மூன்று விகிதங்களைக் கணிக்கும் முறை

மலையகத்தில் குடும்பமாகச் சேர்ந்து நடத்தும் சிறு கம்பனி ஒன்றின் கணக்கறிக்கையை விரித்தால், 'பணிப்பாளர் கடன்' என்றொரு வரி அநேகமாக அதில் இருக்கும். லொறிக்கு முற்பணம் கட்டவோ, சரக்கு எடுக்கவோ, காசு வர வேண்டிய மாதத்தில் வராமல் போனபோது சம்பளம் கொடுக்கவோ, அப்பாவோ அண்ணனோ கைக்காசைப் போட்டிருப்பார். எழுத்தில் ஒன்றும் இருக்காது. வட்டியும் இருக்காது. அந்த ஒரு வரியை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விகிதங்கள் பெரிதாக மாறிவிடும். அதனால் நடைமுறை விகிதம், கடன்–உரிமை விகிதம், இலாப விகிதம் ஆகிய மூன்றையும் கணிக்கும்போது, இந்த வரியையும் கூடவே பின்தொடர்ந்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, ஹட்டன் பக்கம் தேயிலையை மொத்தமாக வாங்கி, பைக்கற்றில் அடைத்து, ஊர்க்கடைகளுக்குக் கடனுக்குக் கொடுக்கும் ஒரு கம்பனியை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்தவை.

முதலில் இரண்டு கூற்றுகளையும் எடுத்து வையுங்கள்

ஒன்று நிதிநிலைமைக் கூற்று. அது ஒரே ஒரு நாளின் நிலைமையைச் சொல்லும். இங்கே 2025 மார்ச் 31. மற்றது வருமானக் கூற்று. அது அந்த நாளோடு முடிந்த முழு ஆண்டையும் சொல்லும். எல்லா எண்களும் ஆயிரம் ரூபாயில் இருக்கின்றன. 2,300 என்றால் 23 இலட்சம். இதைத் தலைப்பில் பார்த்துக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம்.

| நிதிநிலைமைக் கூற்று, 31.03.2025 | ரூ. ஆயிரம் |
|---|---|
| லொறி, பொதியிடும் இயந்திரம் (தேய்மானம் கழித்து) | 6,400 |
| இருப்பு: தேயிலை, பைக்கற் உறை | 2,900 |
| கடைகளிலிருந்து வரவேண்டியது | 2,300 |
| முற்பணமாகக் கட்டிய கட்டட வாடகை | 200 |
| காசும் வங்கியும் | 400 |
| மொத்தச் சொத்துகள் | 12,200 |
| பங்கு மூலதனம் | 2,000 |
| நிறுத்திவைத்த இலாபம் | 2,200 |
| லீசிங், ஓராண்டுக்குப் பின் கட்டுவது | 1,800 |
| வங்கிக் கடன், ஓராண்டுக்குப் பின் கட்டுவது | 1,200 |
| பணிப்பாளர் கடன் | 1,500 |
| தேயிலை கொடுத்தவர்களுக்குக் கொடுக்கவேண்டியது | 1,500 |
| லீசிங், இந்த ஓராண்டுக்குள் | 600 |
| வங்கிக் கடன், இந்த ஓராண்டுக்குள் | 400 |
| வங்கி மேலதிகப்பற்று | 700 |
| வரி, ஊழியர் சேமலாப நிதி நிலுவை | 300 |
| உரிமையும் பொறுப்புகளும் | 12,200 |

இரண்டு மொத்தமும் சமமாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கூட்டும்போதுதான் எந்த வரி எங்கே இருக்கிறது என்று கண்ணில் படும்.

நடைமுறை விகிதம்

நடைமுறைச் சொத்துகளை நடைமுறைப் பொறுப்புகளால் வகுக்க வேண்டும். ஓராண்டுக்குள் காசாகக்கூடியவை அல்லது செலவாகித் தீர்பவை நடைமுறைச் சொத்துகள். ஓராண்டுக்குள் கட்டவேண்டியவை நடைமுறைப் பொறுப்புகள்.

சொத்துப் பக்கம் சுலபம்: 2,900 + 2,300 + 200 + 400 = 5,800.

பொறுப்புப் பக்கத்தில்தான் கை தடுமாறும். லீசிங்கும் வங்கிக் கடனும் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. ஓராண்டுக்குள் வரும் தவணைகளை மட்டும் எடுங்கள். உங்கள் கையில் உள்ள அறிக்கையில் லீசிங் ஒரே தொகையாக இருந்தால், பின்னால் வரும் கணக்குக் குறிப்புகளில் பிரிவு இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் லீசிங் கம்பனி கொடுத்த தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் அடுத்த 12 மாதத் தவணைகளில் உள்ள கடன் தொகையை மட்டும் கூட்ட வேண்டும், வட்டியைச் சேர்க்கக்கூடாது. மேலதிகப்பற்று வங்கி கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. எத்தனை வருடமாகத் தொடர்ந்து வந்தாலும் அது நடைமுறைப் பொறுப்புதான்.

1,500 + 600 + 400 + 700 + 300 = 3,500.

```
5,800 / 3,500 = 1.66
```

ஒரு ரூபாய் கட்டவேண்டியதற்கு எதிரே 1 ரூபாய் 66 சதம் இருக்கிறது. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதில் பணிப்பாளர் கடனை நாம் தொடவில்லை. அறிக்கை தயாரித்தவர் அதை நீண்டகாலக் கடன்களுக்குக் கீழே எழுதியிருக்கிறார், நாமும் அப்படியே விட்டுவிட்டோம்.

அது சரியா? கணக்கீட்டு நியமம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. அறிக்கை நாளிலிருந்து குறைந்தது 12 மாதத்துக்குத் திருப்பிக் கொடுக்காமல் தள்ளிவைக்கும் உரிமை கம்பனிக்கு இருந்தால்தான் ஒரு கடன் நீண்டகாலக் கடன் ஆகும். அண்ணன் உடனே கேட்கமாட்டார் என்பது உரிமை ஆகாது. எழுத்தில் உடன்படிக்கை இல்லாமல், கேட்டபோது கொடுக்கவேண்டிய கடனாக இருந்தால் அது நடைமுறைப் பொறுப்பு. அப்படியானால்:

```
5,800 / (3,500 + 1,500) = 1.16
```

ஒரே கம்பனி, ஒரே நாள், 1.66 இருந்த இடத்தில் 1.16 நிற்கிறது. இந்த 1.16இன் அர்த்தம் என்னவென்று தொகையாகப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். 5,800இல் 5,000 போனால் மிச்சம் 800, அதாவது 8 இலட்சம். கடைகளிலிருந்து வரவேண்டிய 23 இலட்சத்தில் 8 இலட்சம் வராமல் போனாலே அந்த மிச்சம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். மார்ச் 31 என்பது சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு வாரம் முந்திய நாள். கடைக்காரர்கள் பண்டிகைக்காகச் சரக்கு எடுத்து முடிக்கும் நேரம் அது. ஆகவே வரவேண்டிய கடன் அன்று ஆண்டின் மற்ற நாட்களைவிட உப்பியிருக்க இடமுண்டு. மே கடைசியில் வங்கிக் கூற்றையும் கடைக்கடன் கொப்பியையும் பாருங்கள்: அந்த 23 இலட்சத்தில் எவ்வளவு உள்ளே வந்தது? வந்துவிட்டது என்றால் எண்ணை நம்பலாம். பாதிக்கு மேல் இன்னும் வெளியே நின்றால், காசாகக்கூடிய சொத்து என்று அதை முழுமையாக எண்ணியது பிழை.

பாடப்புத்தகங்களில் 2 என்ற அளவு நல்லதென்று இருக்கும். அதை எல்லாக் கம்பனிக்கும் பிடிவாதமாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். கைக்காசுக்கு மட்டும் விற்கும் கடை ஒன்று 2க்குக் கீழேயும் சிரமமில்லாமல் ஓடும். கடனுக்கு விற்று, காசு வரும்வரை காத்திருக்கும் இந்தக் கம்பனிக்கு 1.16 மிகவும் நெருக்கடியான அளவு.

கடன்–உரிமை விகிதம்

கீழே வருவது உரிமை: மூலதனம் 2,000, நிறுத்திவைத்த இலாபம் 2,200, மொத்தம் 4,200. மேலே வருவது கடன். கடன் என்றால் எது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழக்கம். சிலர் எல்லாப் பொறுப்புகளையும் எடுப்பார்கள். சிலர் கடனாக வாங்கிய தொகைகளை மட்டும் எடுத்து, தேயிலைக்காரருக்குக் கொடுக்கவேண்டியதையும் வரி நிலுவையையும் விட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டாவது முறைதான் பொருத்தமாகப் படுகிறது. தவணையும் வட்டியும் ஏற்றும் பாரம் எவ்வளவு என்பதை அதுதான் காட்டுகிறது.

லீசிங் 2,400, வங்கிக் கடன் 1,600, மேலதிகப்பற்று 700, பணிப்பாளர் கடன் 1,500. மொத்தம் 6,200. இங்கே ஓராண்டுக்குள், ஓராண்டுக்குப் பின் என்ற பிரிவு தேவையில்லை. இரண்டையும் சேர்க்க வேண்டும். நீண்டகாலப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, விகிதம் குறைவாக வந்ததென்று மகிழ்பவர்கள் நிறையப் பேர்.

```
6,200 / 4,200 = 1.48
```

எல்லாப் பொறுப்புகளையும் எடுத்திருந்தால் 8,000 / 4,200 = 1.90 வரும். எந்த முறையில் கணித்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இப்போது பணிப்பாளர் கடனுக்குத் திரும்பி வருவோம். வங்கிக் கடன் முழுவதும் கட்டித் தீரும்வரை தன் காசைக் கேட்கமாட்டேன் என்று பணிப்பாளர் எழுதிக் கொடுத்தால், கடன் கொடுக்கும் வங்கி அதை உரிமைக்குச் சமமாகப் பார்க்க இடமுண்டு. அப்போது கடன் 4,700, உரிமை 5,700:

```
4,700 / 5,700 = 0.82
```

1.48 எங்கே, 0.82 எங்கே! ஆனால் அந்தக் கடிதம் கையில் இல்லாமல் 0.82 என்று எழுதக்கூடாது. வங்கிக்குப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது. பின்னாளில் பிள்ளையின் படிப்புக்கோ கலியாணத்துக்கோ அந்தக் காசு தேவைப்படுமா என்று, காசைப் போட்டவரிடமே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இலாப விகிதம்

| வருமானக் கூற்று, 31.03.2025இல் முடிந்த ஆண்டு | ரூ. ஆயிரம் |
|---|---|
| விற்பனை | 24,000 |
| விற்பனைக் கிரயம் | (18,600) |
| மொத்த இலாபம் | 5,400 |
| விநியோகச் செலவும் நிர்வாகச் செலவும் | (3,600) |
| பழைய வேனை விற்ற இலாபம் | 500 |
| வட்டிச் செலவு | (800) |
| வரிக்கு முன் இலாபம் | 1,500 |
| வரி, 30% | (450) |
| தேறிய இலாபம் | 1,050 |

தேறிய இலாபத்தை விற்பனையால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

```
1,050 / 24,000 x 100 = 4.4%
```

நூறு ரூபாய்க்குத் தேயிலை விற்றால் 4 ரூபாய் 40 சதம் மிஞ்சுகிறது. வேன் விற்ற இலாபம் அடுத்த வருடம் வராது என்பதால் அதைக் கழித்துவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது: வரிக்கு முன் 1,000, வரி 300, தேறியது 700. விகிதம் 2.9%.

அப்புறம், செலவுப் பட்டியலில் எது இல்லை என்று தேடுங்கள். இந்தக் கம்பனியில் அண்ணன் சம்பளம் எடுப்பதில்லை, அவர் போட்ட 15 இலட்சத்துக்கு வட்டியும் வாங்குவதில்லை. அவர் செய்யும் வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் மாதம் 60,000 கொடுக்க வேண்டும் என்று வையுங்கள், ஆண்டுக்கு 720. அந்தக் கடனுக்கு ஆண்டு வட்டி 12% என்று வைத்தால் 180. இரண்டையும் 1,000இலிருந்து கழித்தால் மிச்சம் 100; வரி போக 70.

```
70 / 24,000 x 100 = 0.3%
```

இது அறிக்கையில் அச்சிடும் எண் அல்ல, அறிக்கையில் 4.4% தான் இருக்கும். ஆனால் பைக்கற் விலையை ஐந்து ரூபாய் குறைக்கலாமா, இன்னொரு லொறி லீசிங்கில் எடுக்கலாமா என்று வீட்டில் பேசும்போது மேசையில் இருக்கவேண்டியது 0.3% தான். இந்த வியாபாரம் அண்ணனின் உழைப்பில்தான் நிற்கிறது என்பதை வேறு எந்த வரியும் சொல்லாது.

பக்கத்து நிரல்

அறிக்கையில் இந்த ஆண்டு எண்களுக்குப் பக்கத்திலேயே போன ஆண்டின் எண்கள் இருக்கும். அதே மூன்று விகிதங்களை அவற்றுக்கும் கணியுங்கள். இந்த ஆண்டு பணிப்பாளர் கடனை நடைமுறைப் பொறுப்பாக எடுத்தால், போன ஆண்டும் அதே நிலைமையில் இருந்த அந்தக் கடனை அங்கேயே எடுக்க வேண்டும். ஒரு பக்கம் 1.66 முறையிலும் மறுபக்கம் 1.16 முறையிலும் கணித்து ஒப்பிட்டால், உண்மையில் நடக்காத ஒரு சரிவைக் கண்டு வீட்டில் எல்லோரும் பயந்துபோவீர்கள்.