கடைசித் தவணை கட்டியும் 12 பைசா நிலுவை: தவணை அட்டவணையைச் சரியாக முடிப்பது எப்படி?

எங்கள் சுய உதவிக் குழுவில் ஒரு அக்கா வாங்கிய கடனை ஆறு மாதமும் நாள் தவறாமல் கட்டி முடித்தார். ஆனால் நான் போட்டிருந்த அட்டவணையின் கடைசி வரியில் 0.12 என்று நின்றது. பாக்கி வைக்காத ஒருவர் பெயரில் பாக்கி நிற்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்த 12 பைசா எங்கிருந்து வந்தது என்று தேடிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடன் 10,000 ரூபாய், ஆண்டு வட்டி 12 சதவீதம், 6 மாதத் தவணை. எக்செல்லில் H1 முதல் H3 வரை இந்த மூன்றையும் இடுங்கள் (வட்டியை 12% என்றே). H4இல் மாதத் தவணை:

```
=ROUND(PMT(H2/12,H3,-H1),2)
```

1725.48 வரும். உண்மையான விடை 1725.4837, இரண்டு தசமத்தோடு நிறுத்தியிருக்கிறோம்.

அடுத்து அட்டவணை. A மாத எண், B தொடக்க நிலுவை, C வட்டி, D தவணை, E அசல், F முடிவு நிலுவை. முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரியிலிருந்து கணக்கு:

```
B2: =H1
C2: =ROUND(B2*$H$2/12,0)
D2: =$H$4
E2: =D2-C2
F2: =ROUND(B2-E2,2)
B3: =F2
```

மற்றவற்றைக் கீழே இழுத்து நிரப்புங்கள். வட்டியை முழு ரூபாயாக்குவது எங்கள் குழுவின் வழக்கம். வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் அதுதான்: 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடுவது.

```
மாதம்  தொடக்கம்   வட்டி   முடிவு
1      10000.00   100    8374.52
2       8374.52    84    6733.04
3       6733.04    67    5074.56
4       5074.56    51    3400.08
5       3400.08    34    1708.60
6       1708.60    17       0.12
```

இரண்டாவது மாதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 8,374.52க்கு ஒரு சதவீதம் 83.75 ரூபாய், நாம் போட்டது 84. அதாவது 25 பைசா கூடுதல் வட்டி. தவணை மாறாததால் அந்த 25 பைசா அசலில் கழியாமல் நிலுவையில் தங்கிவிட்டது. மூன்றாவது மாதம் 67.33ஐ 67 ஆக்கியபோது 33 பைசா குறைந்தது. நான்காவதில் மறுபடி 25 கூடியது, கடைசியில் 9 குறைந்தது. பைசாவுக்குக் கீழுள்ள தசமங்களையும் விடாமல் கூட்டிக் கழித்தால் சுமார் 9 பைசா மிச்சம். மீதி 3 பைசா பெரும்பாலும் தவணையில் வெட்டிய தசமத்திலிருந்து வந்தது.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மொத்த வட்டி 353, அசலோடு 10,353. கட்டியது 6 × 1,725.48 = 10,352.88. வித்தியாசம் அதே 12 பைசா. இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சூத்திரத்தில் பிழை இருக்கிறது.

சரி, எப்படித் தீர்ப்பது? கடைசித் தவணையை மற்ற மாதங்களைப் போலவே வைக்கக் கூடாது. அந்த மாதம் இருக்கிற நிலுவையும் அதன் வட்டியும்தான் தவணை. D2இல் இப்படி மாற்றி, கீழே இழுங்கள்:

```
=IF(A2=$H$3,B2+C2,$H$4)
```

ஆறாவது தவணை 1,725.60 ஆகும், நிலுவை 0.00. தவணையையும் முழு ரூபாயாக வாங்குவதானால் H4இல் 1726 என்று மேல்நோக்கி வைப்பதே நல்லது என்பேன். கடைசித் தவணை 1,723 ஆகக் குறையும். 1725 என்று வைத்தால் கடைசியில் 1,728 கேட்க வேண்டியிருக்கும், அது யாருக்கும் பிடிக்காது. எதுவானாலும் கடைசித் தொகையைக் கடன் கொடுக்கும் நாளிலேயே அட்டையில் எழுதிவிடுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று: ROUND போடாமல், செல் வடிவத்தை மட்டும் மாற்றி தசமத்தை மறைப்பது. கண்ணுக்கு 84 தெரியும், உள்ளே 83.7452 இருக்கும். எக்செல் கணக்குப் போடுவது உள்ளே இருப்பதை வைத்துத்தான். அப்புறம் ரசீதுகளைக் கையால் கூட்டினால் அட்டவணையோடு ஒத்துவராது.

கடைசியில் நிற்கும் நிலுவை பெரிதாக இருந்தால் பழியைத் தசமத்தை வெட்டியதன்மேல் போடாதீர்கள். 9 சதவீதத்தில் 20 வருடக் கடன் என்றாலும், தவணையை பைசா வரை வைத்தால் அதனால் வரும் மிச்சம் அதிகபட்சம் 3.34 ரூபாய், மாத வட்டியையும் பைசா வரை வைத்தால் அதனாலும் அதே அளவுக்கு மேல் போகாது. முழு ரூபாயாக்கினால்தான் ஒவ்வொன்றும் 334 வரை போக இடமுண்டு, அதுவும் எல்லா மாதமும் ஒரே பக்கம் சாய்ந்தால். ஆயிரக்கணக்கில் நின்றால், வட்டி விகிதம் நடுவில் மாறியதா, தவணை தாமதமானதா, பணம் கொடுத்த நாளுக்கும் முதல் தவணைக்கும் இடையே ஒரு மாதத்துக்கு மேல் போனதா என்று தேதிகளைப் பாருங்கள்.